ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்

மெர்சிங்கில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வரும். தென் சீனக் கடல் கொந்தளித்து, தியோமான் தீவுக்குப் போகும் படகுகள்கூட நின்றுவிடும் காலம் அது. ஆனால் வெளியே எவ்வளவு கொட்டினாலும் வகுப்பறைத் தொட்டிகளுக்கு ஒரு சொட்டும் சேராது. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது பள்ளித் தோட்டக்காரரின் வேலை. அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் அவருடன் வகுப்பு வகுப்பாகச் சுற்றினேன்.

'இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றவும்' என்று ஆசிரியை சீட்டு எழுதி வைத்திருந்தார். தோட்டக்கார அண்ணன், மணி பிளாண்ட் தொட்டிக்குள் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டார். மண் ஒட்டிக்கொண்டு வந்தது. "இன்னும் ஈரமா இருக்கு டீச்சர், இன்னிக்கு வேணாம்" என்றார்.

காரணம் எளிது. பள்ளி நடக்கும்போது மின்விசிறி சுற்றும், சன்னல்கள் திறந்திருக்கும், மண் சீக்கிரம் காயும். விடுமுறையில் எல்லாம் மூடிக் கிடக்க, மழைக்கால ஈரக்காற்றில் இலைகள் நீரை மெதுவாகவே இழக்கின்றன. அப்போதும் பழைய கணக்கிலேயே ஊற்றினால் மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாததால் இலை துவளும். பார்ப்பவர் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவார், செடி போய்விடும்.

இரண்டையும் பிரித்தறிய அண்ணன் தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறார். இலை துவண்டு தொட்டி லேசாக இருந்தால் தாகம். இலை துவண்டும் தொட்டி கனத்து, மண்ணில் புளித்த வாடை வந்தால் வேர் அழுகல்.

அடித்தட்டுகளை அவர் கவிழ்த்துக் கொட்டுவதோடு விடுவதில்லை, உள்பக்கத்தைத் தேய்க்கிறார். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டிவைக்கும். தட்டு காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆளில்லாத வகுப்பறையில் டெங்கி வளர இந்தத் தட்டே இடம் கொடுத்துவிடும்.

அன்று மாலை ஆசிரியை சீட்டை மாற்றி எழுதினார்:

"அண்ணே, வாரம் இருமுறை விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும், அடியில் நீர் கசியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அரை மணி கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். வெயில் படும் சன்னலோரத் தொட்டிகள் முதலில் காயும், அங்கிருந்து தொடங்குங்கள். சிவப்பு நாடா ஒட்டிய தொட்டிகளில் இருப்பது பாம்புச்செடி. ஒரு மாதம் தண்ணீர் இல்லாமலும் தாங்கும், தொட வேண்டாம். தட்டுகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டால் ஊற்றாமல், தொட்டியை வெளிச்சமும் காற்றும் உள்ள தாழ்வாரத்தில், மழை படாத பக்கமாக வையுங்கள்."