மின்வெட்டும் ரௌட்டரும்

கான்பூரில் வாடகை அறையொன்றில் தங்கி ஆய்வு செய்யும் மாணவர் ஒருவரின் ரௌட்டர், கோடையில் இருமுறை தன் கடவுச்சொல்லை மறந்து ஆலைநிலைக்குத் திரும்பியது. மின்சாரம் போவது மட்டுமே இதற்குக் காரணமன்று. நொடிக்கணக்கில் விட்டுவிட்டு வருவதே பெருங்கேடு. ஃபிளாஷ் நினைவகத்தில் அமைப்புகள் எழுதப்படும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் பதிவு சிதைந்துவிடும்.

மூன்றாம் முறை ஒரு லேன் போர்ட்டின் விளக்கு எரியவில்லை. அதே கேபிளை அடுத்த போர்ட்டில் செருகியதும் எரிந்தது. ஆகவே பழுது கேபிளில் இல்லை.

அவர் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைத் தேடினார். பெட்டியின்மேல் 6000 எம்ஏஎச் என்றிருந்தது, கவர்ச்சியான எண்தான். ஆனால் அது 3.7 வோல்ட்டில், 2000 வீதம் மூன்று செல்களைக் கூட்டிச் சொன்ன கணக்கு. உண்மையில் 22 வாட்-மணி. மாற்றிழப்பு போக ஏறத்தாழ 18. ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 8 வாட் இழுத்ததால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மிகும். ரௌட்டருக்கு மட்டும் மின்சாரம் தந்து ஃபைபர் பெட்டியை விட்டுவிட்டால் வைஃபை இருக்கும், இணையம் இராது.

வாங்குமுன் அடாப்டர்களின் மேலுள்ள வோல்ட், ஆம்பியர், பின்னின் நடுமுனை நேர்மின்னா என்பவற்றை அவர் ஒப்பிட்டார். மாடியிலிருந்து செப்புக் கேபிள் வழியே வரும் மின்னெழுச்சியை யுபிஎஸ் தடுக்காது. இடி முழங்கினால் அந்தக் கேபிளை அவர் கழற்றிவிடுகிறார்.