மாமா கடையும் கார்டு மெஷினும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா போன் பண்ணினார். "மாப்ள, பேங்க்ல இருந்து ஏதோ ஃபாரம் அனுப்பியிருக்காங்க. எல்லாத்துக்கும் 'ஆம்'னு டிக் பண்ணி கையெழுத்துப் போட்டுடவா? நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற, ஒரு எட்டு வந்து பாரேன்."

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் மாமாவுக்கு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விற்கிற சின்னக் கடை. "இப்ப எல்லாரும் க்யூஆர் கோடுதானே, கார்டு எவன் தேய்க்கிறான்" என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இருபதாயிரம் ரூபாய் ஃப்ரிட்ஜ், தவணையில் வாங்குகிற வாஷிங் மெஷின் என்றால் கார்டு வெளியே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு கடைக்கு ஒரு வெப்சைட் வேறு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் இருக்கிற அம்மா அப்பாவுக்கு அதில் ஆர்டர் போடுவார்கள்.

ஃபாரத்தைத் திறந்தால் தலை சுற்றியது. பிசிஐ டிஎஸ்எஸ் என்பது கார்டு நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் பாதுகாப்பு விதித்தொகுப்பு. அதை நாம் பின்பற்றுகிறோமா என்று நாமே பதில் சொல்லும் படிவங்களில் ஆகப் பெரியதான 'டி' மாமாவுக்கு வந்திருந்தது. கேள்விகள் இருநூறைத் தாண்டும். ஃபயர்வால் விதிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறீர்களா, லாக்குகளைத் தினமும் பார்க்கிறீர்களா என்றெல்லாம் போகிறது. மாமா கடையில் ஃபயர்வால் என்றால் ஷட்டர்தான் :-)

பொய்யாக 'ஆம்' போட்டால் என்ன? ஒன்றும் நடக்காத வரை ஒன்றுமில்லை. கார்டு விவரம் கசிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கையெழுத்துதான் முதலில் மேஜைக்கு வரும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இத்தனை கேள்வி ஏன் வருகிறது? கார்டு எண் எங்கெல்லாம் போகிறதோ, தங்குகிறதோ, அந்த இடங்களும் அவற்றோடு இணைந்திருக்கிற அத்தனை கருவிகளும் இந்த விதிகளின் எல்லைக்குள் வந்துவிடும். அப்படியானால் கார்டு எண்ணைக் கடைக்குள் விடாமல் இருந்தால் எல்லை தானாகச் சுருங்கும்.

ஒரு தாளில் படம் போட்டோம். கார்டு மெஷின் கடையின் வைஃபையில் இருந்தது. அதே வைஃபையில் பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி, பையன்களின் போன், காத்திருக்கும் வாடிக்கையாளர்களின் போன் எல்லாம். சிசிடிவி போட்டவர் தன் வீட்டிலிருந்தே அதைத் திறந்து பார்க்க முடியும். அமெரிக்காவில் 2013இல் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் போனது நினைவுக்கு வந்தது. திருடர்கள் முதலில் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்டை வைத்துத்தான். அங்கிருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் வழி திறந்திருந்தது.

வெப்சைட்டில் கார்டு எண்ணை நிரப்பும் கட்டங்கள் கடையின் பக்கத்திலேயே இருந்தன. மூன்றாவதைக் கேட்டுத்தான் நான் அதிர்ந்தேன். தெரிந்த வாடிக்கையாளர்கள் சிலர் கார்டை இருபுறமும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, மாமாவே அதைப் பார்த்து டைப் செய்துகொண்டிருந்தார். "நம்பிக்கையான மனுஷங்கடா" என்றார். அவர்கள் நம்பிக்கையானவர்கள்தான், சரி. அந்த போன் மின்சார ரயிலில் தொலைந்தால்?

முதலில் போட்டோக்களை அழித்தோம், பேக்கப்பிலும் சேர்த்து. இனி போனில் ஆர்டர் வந்தால் பேமெண்ட் லிங்க் மட்டும்தான் போகும்.

அடுத்து வெப்சைட். கார்டு கட்டங்களை எடுத்துவிட்டு, 'பணம் செலுத்து' என்று அழுத்தினால் கேட்வே நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கே போகும்படி மாற்றினோம். சோதிப்பது சுலபம். கார்டு எண் டைப் செய்யும் நேரத்தில் மேலே முகவரிப் பட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தின் மேலேயே சின்னப் பெட்டியாகத் திறக்கிற முறையும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் பக்கத்தில் எவனாவது ஒரு ஸ்கிரிப்டை நுழைத்துவிட்டால், அந்தப் பெட்டியைப் போலவே ஒரு போலிப் பெட்டியைக் காட்டலாம். 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஒரு ஸ்கிரிப்டை மாற்றியே, பயணிகள் டைப் செய்த கார்டு விவரங்களை baways.com என்ற போலி முகவரிக்கு அனுப்பினார்கள். 2020இல் அந்நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 2 கோடி பவுண்டு.

பக்கம் மாறிப் போகிற முறையில் 'ஏ' என்ற சிறிய படிவம் போதும். ஆனாலும் பொறுப்பு பூஜ்யமாகாது. நம் தளத்தை உடைத்தால் அந்த லிங்க்கையே போலிப் பக்கத்துக்குத் திருப்பலாம். அதனால் தளத்தின் மென்பொருளைப் புதுப்பிப்பதும், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஸ்கேன் செய்வதும் உண்டு.

மூன்றாவது மெஷின். அதில் சிம் இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. வைஃபையிலிருந்து எடுத்து சிம்முக்கு மாற்றினோம். பில்லிங் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த கேபிளையும் கழற்றினோம். மெஷின் வேறு எந்தக் கருவியையும் நம்பாமல், தனியாக நேரே வங்கியோடு பேசினால் அதற்கு 'பி-ஐபி' என்ற படிவம். அதுவும் 'டி'யைவிட எவ்வளவோ சின்னது. இதற்கு ஒரு விலை உண்டு. இனி தொகையைக் கையால் அடிக்க வேண்டும். இரண்டாம் நாளே பையன் 1,250க்குப் பதில் 12,500 அடித்துவிட்டான். ராத்திரி மெஷினின் செட்டில்மெண்ட் சீட்டையும் பில் மொத்தத்தையும் ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. மறுநாளே பணத்தைத் திருப்பிவிட்டார் மாமா. இப்போது அந்த ஒப்பீடு தினசரி வேலை.

இரண்டு வாரம் கழித்துச் சும்மா பார்ப்போமே என்று என் லேப்டாப்பைக் கடை வைஃபையில் இணைத்து இதை ஓட்டினேன்.

```
nmap -sn 192.168.1.0/24
```

வைஃபையில் இருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். நான் எண்ணி வைத்திருந்ததைவிட ஒன்று அதிகம். கார்டு மெஷினை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், அது காணாமல் போனது. ஆக, மெஷின் திரும்பவும் வைஃபையில்! கடையின் உள்பக்கம் சிக்னல் கிடைக்காமல் பையன் பழைய பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறான். அவனைத் திட்டிப் பயனில்லை. கவுண்டரில் கஸ்டமர் நிற்கும்போது அவன் வேறென்ன செய்வான்? வங்கியிடம் சொல்லி வேறு நெட்வொர்க் சிம் வாங்கினோம், மெஷினை வாசல் பக்க மேஜைக்கு மாற்றினோம், வைஃபை பாஸ்வேர்டை மாற்றி மெஷினில் சேமித்திருந்ததையும் அழித்தோம். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். இல்லை.

கடை, வெப்சைட் என இரண்டு வழியாகப் பணம் வருவதால் இரண்டு சின்னப் படிவங்களாகத் தரலாமா என்று வங்கியிடம் கேட்டோம். அதை முடிவு செய்ய வேண்டியது அவர்கள்தான். சரி என்றார்கள்.

மாமா இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தார். மெஷினை யாராவது மாற்றிவைத்திருக்கிறார்களா என்று அவ்வப்போது பார்க்கிறீர்களா என்ற இடத்தில் நிறுத்தினார். எழுந்து போய் மெஷினைத் திருப்பி, அடியில் இருந்த சீரியல் நம்பரைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார். அப்புறம்தான் 'ஆம்' என்று டிக் போட்டார்.