16 ரன், 6 பந்து... ஸ்க்ரீனில் ஓடும் அந்த சதவீதம் உண்மையில் என்ன சொல்கிறது?

இரண்டு கடைசி ஓவர்களைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முதலாவது, 2022 அக்டோபர் 23, மெல்போர்ன். டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானை ஜெயிக்க இந்தியாவுக்கு 6 பந்துகளில் 16 ரன் தேவை. இரண்டாவது, 2024 ஜூன் 29, பார்படாஸ். உலகக் கோப்பை ஃபைனலில் இந்தியாவை ஜெயிக்க தென்னாப்பிரிக்காவுக்கு அதே 6 பந்துகளில் அதே 16 ரன் தேவை. இரண்டிலும் முதல் பந்திலேயே விக்கெட். மெல்போர்னில் கேட்ச் கொடுத்து வெளியேறியவர் ஹர்திக் பாண்டியா. பார்படாஸில் அதே ஹர்திக் பந்து போட, பவுண்டரி கோட்டில் சூர்யகுமார் யாதவின் கேட்சில் வெளியேறியவர் டேவிட் மில்லர்.

ஆக, இரண்டு இடத்திலும் 5 பந்தில் 16 ரன். மெல்போர்னில் சேஸ் செய்த அணி ஜெயித்தது. பார்படாஸில் சேஸ் செய்த அணி 7 ரன்னில் தோற்றது. அப்படியென்றால், ஸ்க்ரீனின் ஓரத்தில் 'வெற்றி வாய்ப்பு' என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே ஒரு சதவீதம், அது எதற்கு?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், மேட்ச் நாள்களில் அந்த சதவீதத்தைப் பார்த்துக்கொண்டேதான் லைவ் அப்டேட் தட்டுவேன். ஆனால், அதை உட்கார்ந்து புரிந்துகொள்ள வைத்தவன் என் அத்தை மகன். பார்படாஸ் ஃபைனலில் தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, கையில் 6 விக்கெட் என்ற நிலை வந்தபோது, நண்பனிடம் கடன் வாங்கிய 8,000 ரூபாயை ஒரு பெட்டிங் ஆப்பில் தென்னாப்பிரிக்கா பக்கம் கட்டிவிட்டான். "தொண்ணூறுக்கு மேல காட்டுச்சு மச்சான், அதுக்கப்புறம் எப்படித் தோப்பாங்க? அந்த நம்பரே டுபாக்கூர்!" என்று மறுநாள் போனில் கத்தினான்.

நம்பர் டுபாக்கூரா? அதைத் தெரிந்துகொள்ள, அது எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசிப் பந்திலிருந்து பின்னோக்கி

எளிய வழி ஒன்று உண்டு. பழைய மேட்ச்களை எல்லாம் எடுத்து, '30 பந்தில் 30 ரன், 6 விக்கெட்' என்ற நிலை எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை முறை சேஸ் செய்த அணி ஜெயித்தது என்று எண்ணிப் பார்ப்பது. சிக்கல் என்னவென்றால், 120 பந்து, 10 விக்கெட், 200 ரன் வரை என்று வைத்தாலே 2,40,000 வெவ்வேறு நிலைகள் வரும். பல நிலைகள் ஒரு முறைகூட நடந்திருக்காது. எண்ணுவதற்கே ஆள் இல்லாத வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான்.

அதனால், பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் புரூக்கர், சீமஸ் ஹோகன் ஆகியோர் உருவாக்கிய 'வாஸ்ப்' என்ற முறை அப்படிப்பட்டதுதான். 2012-ல் நியூசிலாந்து டி.வி ஒளிபரப்பில் அது முதன்முதலாக வந்தது.

நாமே சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம். கடைசி நேரத்தில் வீசப்படும் 1,000 பந்துகளில் 300 டாட் பால், 380 சிங்கிள், 70 இரண்டு ரன், 120 ஃபோர், 70 சிக்ஸர், 60 விக்கெட் என்று வைத்துக்கொள்வோம். இது புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்ணிக்கைதான். நிஜ முறைகள் ஆயிரக்கணக்கான மேட்ச்களிலிருந்து இதை எடுக்கும். டை ஆனால் வெற்றி இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு பந்து மீதி, ஒரு ரன் வேண்டும் என்றால்? சிங்கிள், இரண்டு, ஃபோர், சிக்ஸர் எல்லாமே போதும். கூட்டினால் 640. அதாவது 64 சதவீதம். ஒரு பந்தில் 2 ரன் வேண்டும் என்றால் சிங்கிள் உதவாது, 26 சதவீதம். 3 அல்லது 4 வேண்டும் என்றால் ஃபோரும் சிக்ஸரும்தான், 19 சதவீதம். 5 வேண்டும் என்றால் சிக்ஸர் மட்டும்தான், 7 சதவீதம்.

இப்போது ஒரு படி பின்னால் வருவோம். 2 பந்தில் 5 ரன் தேவை. இப்படி 1,000 மேட்ச் நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 300-ல் முதல் பந்து டாட். மீதி ஒரு பந்தில் 5 வேண்டும், 7 சதவீதம், அதனால் 21 வெற்றி. 380-ல் சிங்கிள். அடுத்த பந்தில் 4 வேண்டும், 72 வெற்றி. 70-ல் இரண்டு ரன், அதில் 13 வெற்றி. 120-ல் ஃபோர். இனி ஒரு ரன் போதும், 77 வெற்றி. 70-ல் சிக்ஸர், அங்கேயே மேட்ச் முடிந்தது. 60-ல் விக்கெட், புதிதாக வருபவர் சிக்ஸர் அடித்தால் உண்டு, 4 வெற்றி. மொத்தம் 257. ஆக, கிட்டத்தட்ட 26 சதவீதம்.

அவ்வளவுதான் ரகசியம்! இரண்டு பந்து விடை தெரிந்தால் மூன்று பந்துக்குப் போடலாம். மூன்று தெரிந்தால் நான்கு. இப்படியே 30 பந்து வரை, 120 பந்து வரை கம்ப்யூட்டர் பின்னோக்கி நடந்துவிடும். ஒவ்வொரு பந்தும் முடிந்ததும் அந்த அட்டவணையில் உரிய கட்டத்தைத் திறந்து காட்டுகிறது.

விக்கெட்டின் விலை மாறிக்கொண்டே இருக்கும்

கடைசிப் பந்தில் கையில் 6 விக்கெட் இருந்தாலும் 1 விக்கெட் இருந்தாலும், அட்டவணைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், 30 பந்து மீதி இருக்கும்போது விக்கெட்தான் தைரியம். 6 பேர் கையில் இருந்தால் தூக்கி அடிக்கலாம். 2 பேர்தான் என்றால் தட்டித்தட்டித்தான் ஆட வேண்டும், அதற்குள் பந்து கரையும். அதனால்தான் 17-வது ஓவரில் ஒரு விக்கெட் விழுந்தால் சதவீதம் தடாலென்று இறங்குகிறது.

அன்று அதுதான் நடந்தது. 15 ஓவர் முடிவில் தென்னாப்பிரிக்கா 147/4. பந்துக்கு ஒரு ரன் போதும். 16-வது ஓவரில் பும்ரா 4 ரன்தான் கொடுத்தார். 17-வது ஓவரின் முதல் பந்தில் ஹர்திக், ஹென்ரிச் க்ளாசனை வீழ்த்தினார். அந்த ஓவரிலும் 4 ரன்தான். 18-வது ஓவரில் பும்ரா மறுபடி வந்து 2 ரன் கொடுத்து மார்கோ யான்சனை போல்டாக்கினார். 19-வதில் அர்ஷ்தீப் 4 ரன். 24 பந்துகளில் மொத்தமே 14 ரன். அப்படித்தான் 30 பந்தில் 30 என்பது, 6 பந்தில் 16 ஆனது.

இங்கேதான் அட்டவணையின் எல்லை தெரிகிறது. ரன், பந்து, விக்கெட் என்ற மூன்றை மட்டும் பார்க்கும் கணக்குக்கு, மீதி 30 பந்தில் 12 பந்தை பும்ரா வீசப்போகிறார் என்று தெரியாது. அதற்கு எல்லோரும் சராசரி பவுலர்கள்தான். அந்த 12 பந்தில் அவர் கொடுத்தது 6 ரன். அதேபோல க்ளாசன் அவுட்டானதும் அட்டவணை 6 விக்கெட்டை 5 ஆக்கிக்கொள்ளும். போனவர் 27 பந்தில் 52 அடித்து முழுதாக செட் ஆகியிருந்தவர் என்பதை அந்த மூன்று எண்கள் சொல்லாது. வீரர்களின் பெயரையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறைகள் இருக்கின்றன. அவை இதைக் கொஞ்சம் சரிசெய்யும்.

விட்டுவிட்டதால் வந்த ரன்

மெல்போர்னுக்குப் போவோம். அந்தக் கடைசி ஓவரில் ஒரு நோ-பால், இரண்டு வைடு. இவற்றில் ரன் ஏறும், பந்து குறையாது. நான் மேலே போட்ட கணக்கில் இவற்றுக்கு இடமே இல்லை. நல்ல முறைகளில் இருக்கும்.

5-வது பந்தில் தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆக, நம் அஸ்வின் உள்ளே வருகிறார். ஒரு பந்தில் 2 ரன். நம் அட்டவணைப்படி 26 சதவீதம். முகமது நவாஸ் லெக் சைடில் வீசிய பந்தை அஸ்வின் தொடவே இல்லை, விட்டுவிட்டார். வைடு! இப்போது ஒரு பந்தில் ஒரு ரன், 64 சதவீதம். பேட்டை அசைக்காமலே வெற்றி வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டார். அடுத்த பந்தை மிட்-ஆஃபுக்கு மேல் தூக்கினார், கதை முடிந்தது. அடிக்கத் துடிக்கும் நேரத்தில் அடிக்காமல் விட்டது என்ன மதிப்பு என்பதை அந்த நம்பர்தான் எனக்குச் சரியாகக் காட்டியது.

95 என்றால் என்ன அர்த்தம்?

அத்தை மகனிடம் நான் சொன்னது இதுதான். "95 சதவீதம்னா ஜெயிச்சுடுவாங்கன்னு அர்த்தம் இல்லடா. இதே மாதிரி 20 மேட்ச் நடந்தா ஒண்ணுல தோப்பாங்கன்னு அர்த்தம். அந்த ஒண்ணு இதுவாவும் இருக்கலாம்."

ஒரு மேட்ச்சை வைத்து அந்த நம்பர் சரியா, தப்பா என்று சொல்லவே முடியாது. அது 90 என்று காட்டிய எல்லா மேட்ச்களையும் சேர்த்து வைத்து, அவற்றில் சுமார் 90 சதவீதம் நிஜமாகவே ஜெயித்ததா என்று பார்க்க வேண்டும். 100-க்கு 100 ஜெயித்திருந்தால்தான் கணக்கில் கோளாறு. 90 என்று காட்டியதற்கு 10 தோல்வி வந்தே ஆக வேண்டும்.

பிறகு பணக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். 95 சதவீதம் உள்ள அணியின் மேல் 8,000 கட்டினால், ஆப் தன் பங்கை எடுத்துக்கொண்டு 400 ரூபாய் லாபம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 20 முறை கட்டினால் 19 முறை ஜெயிப்பாய், 7,600 ரூபாய் லாபம். ஒரு முறை தோற்பாய், 8,000 போச்சு. நம்பர் துல்லியமாக இருந்தாலும் கடைசியில் கையில் இருப்பது 400 ரூபாய் நஷ்டம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நம்பர் பொய் சொல்லல. நான்தான் அதை வாக்குறுதின்னு நெனச்சுட்டேன்" என்றான்.

அந்தக் கடனை நான்கு தவணையில் அடைத்தான். ஆப் போனில் இல்லை. மேட்ச் மட்டும் விடாமல் பார்க்கிறான். போன வாரம் சேஸிங் நடுவே அவனிடமிருந்து மெசேஜ் வந்தது: "88 காட்டுது. ஆனா அவங்க மெயின் பவுலருக்கு இன்னும் ரெண்டு ஓவர் பாக்கி இருக்கு, கவனிச்சியா?"