கேட்டால் தெளிவது, கேட்டாலும் தெளியாதது

“ஷாப்பிஃபையில் உள்ள எங்கள் கடையை முழுமையாக வூகாமர்ஸுக்கு மாற்ற வேண்டும். தெரிந்தவருக்கு இரண்டு நாள் வேலை. 200 டாலர்.” அப்வொர்க்கில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் அடிக்கடி வரும். விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் செலவாகும் என்பதால், முதலில் ‘முழுமையாக’ என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதிப் பார்த்துவிடுவேன்.

பொருட்களின் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்துவிடலாம்; அது சுலபம். வாடிக்கையாளர் பட்டியலும் வரும், ஆனால் கடவுச்சொற்கள் வராது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் புதிதாகக் கடவுச்சொல் வைக்க வேண்டியிருக்கும். அடுத்தது பக்க முகவரிகள். ஷாப்பிஃபையில் பொருளின் முகவரி `/products/` என்று வரும். வூகாமர்ஸில் நாமாக மாற்றாதவரை `/product/` என்றே இருக்கும். பழைய முகவரிகளுக்கு 301 ரீடைரக்ட் போடாவிட்டால், கூகுள் வழியாக வருகிறவர்கள் ‘பக்கம் இல்லை’ என்பதைத்தான் பார்ப்பார்கள். பழைய ஆர்டர்களும் வாடிக்கையாளர் விமர்சனங்களும் தனித்தனி வேலை. அறிவிப்பில் இவை எதுவும் இல்லை. எழுதியவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். பெரும்பாலும் அவருக்கே இவை தெரிந்திருக்காது. ஆனால் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டபின் எல்லாம் நம் தலையில்தான் விழும்.

இந்தத் தெளிவின்மையைக் கேள்வி கேட்டுச் சரிசெய்யலாம். ஆளின் குணத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. அதனால் கனெக்ட்ஸைச் செலவழிக்கும் முன் வாடிக்கையாளரின் வரலாற்றைப் படிப்பேன். ‘பேமெண்ட் வெரிஃபைடு’ என்பது பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. பணம் தருவார் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. நான் நம்புவது, அவரிடம் வேலை செய்தவர்கள் எழுதிய வரிகளை. “தேவைகள் நடுவில் மாறின” என்று இருவர் மரியாதையாக எழுதியிருந்தால் அதுவே எனக்குப் போதும். “முன்பு செய்தவர் பாதியில் விட்டுவிட்டார்” என்று அறிவிப்பில் இருந்தால், ஒருமுறை அப்படி நடப்பது சகஜம். வரலாற்றிலும் பாதியில் முடிந்த ஒப்பந்தங்கள் வரிசையாக இருந்தால் விலகிவிடுவேன். வரலாறே இல்லாத புதியவரை அதற்காக ஒதுக்குவதில்லை. ஒப்பந்தத்துக்கு முன்பே டெலிகிராமுக்கு வரச் சொல்பவர், பதிவுக் கட்டணம் கேட்பவர் என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஆள் பற்றிய ஐயம் இல்லையென்றால், விண்ணப்பத்திலேயே மூன்று கேள்விகள் கேட்பேன்: பொருட்கள் எத்தனை? பழைய ஆர்டர்கள் வேண்டுமா? பழைய முகவரிகளுக்கு ரீடைரக்ட் வேண்டுமா? “340 பொருட்கள், ஆர்டர்கள் வேண்டாம், ரீடைரக்ட் கட்டாயம்” என்று பதில் வந்தால் அதற்கேற்ற விலை சொல்லி, வேலையை மைல்ஸ்டோன்களாகப் பிரிப்பேன். முதல் மைல்ஸ்டோனுக்கான பணம் எஸ்க்ரோவில் வந்தபிறகே தொடங்குவேன். “முதலில் ஆரம்பியுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால், அந்த வேலையை எடுப்பதில்லை.