மாமாவோட கிரைண்டர் கடையும் என் மூணு நாள் மொக்கையும்

சிங்காநல்லூர்ல மாமா கிரைண்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கார். புது கஸ்டமரே வர்றதில்லீங்க. "மாப்ளே, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, நெட்டுல ஏதாச்சும் எழுதி விடு"ன்னார். நானும் மூணு நாள் உக்காந்து, கோவை வெட் கிரைண்டரோட வரலாறு, புவிசார் குறியீடு எல்லாம் சேத்து நீளமா ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு மாசத்துல படிச்சவங்க பதினோரு பேர். அதுல நாலு பேர் சொந்தக்காரங்க :-)

அப்புறம்தான், எழுதறதுக்கு முன்னாடி பாத்திருக்க வேண்டியதைப் பாத்தேன். கூகுள்ல `wet grinder`னு அடிச்சா முழுக்க விலையும் விக்கிற கடையும்தான். ஒரு கட்டுரைகூட இல்லை. அங்க வர்றவங்க வாங்க வர்றாங்க, என் வரலாற்றை யார் கேட்டா?

அடுத்து `grinder service`. என் பெங்களூர் ஆபீஸ் மெஷின்ல அந்த ஊர்க் கடைகள் வந்துச்சு. மாமா போன்ல மேலயே மேப், அதுல பக்கத்துக் கடைகள் மூணு. மாமா கடை இல்லை, ஏன்னா பதிவே பண்ணலை! இன்காக்னிட்டோல தேடினாலும் இடத்தை வச்சுத்தான் காட்டும், அதனால வாடிக்கையாளர் இருக்கற ஊர்ல, போன்லயே பாக்கணும். இந்தக் கேள்விக்குக் கட்டுரை வேண்டாம், மேப்ல முகவரியும் நேரமும் போட்டோவும் போதும். அன்னிக்கே போட்டுட்டோம்.

எழுத இடம் இருந்தது மூணாவதுல: `grinder motor humming not rotating`. மேல வீடியோ, கீழ ரெண்டு மூணு குட்டிக் கேள்வி பதில். முதல் அஞ்சையும் திறந்து பொறுமையா பாத்தேன். பெரும்பாலும் "கெப்பாசிட்டரை மாத்துங்க"ன்னு முடிச்சுட்டாங்க. கெப்பாசிட்டர்தான் போச்சுன்னு எப்படித் தெரியும்னு ஒருத்தரும் சொல்லலை.

மாமாகிட்ட கேட்டேன். "பிளக்கைக் கழட்டிட்டு மாவெடுத்த டிரம்மைக் கையால சுத்திப் பாரு. லேசா சுத்துது, ஆனா கரண்டு குடுத்தா உர்ருங்குது, கெப்பாசிட்டரா இருக்கும். கையிலயே இறுக்கமா இருந்தா பேரிங். மோட்டார் ஓடுது டிரம் நிக்குது, அப்ப பெல்ட்."

இதையே அரைப் பக்கத்துல எழுதி, மேல ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு வச்சேன். கெப்பாசிட்டர்ல பிளக்கைக் கழட்டின பிறகும் கரண்டு நிக்கும், வீட்ல தொடாதீங்கன்னு ஒரு வரியும்.

வீடியோவா, எவ்ளோ நீளம்னு அந்தப் பக்கமே சொல்லிடுது. உள்ளயும் அவங்க சொன்னதையே சொன்னா நம்மது ஆறாவது நகல், அவ்ளோதான். அடுத்த மாசம் அந்தப் பக்கமே வேற மாதிரி மாறியும் போகலாம்ங்க, திரும்பப் பாக்கணும்.

போன வாரம் ஒண்டிப்புதூர்ல இருந்து ஒரு அக்கா போன் பண்ணி, "டிரம் கையில சுத்துதுங்க, உர்ருங்குது, கெப்பாசிட்டர் எவ்வளவு?"ன்னாங்களாம். மாமாவுக்கு ஒரே ஆச்சரியம். "பாதி வேலையை அவங்களே முடிச்சுட்டாங்க மாப்ளே, எவ்ளோ வாங்கறது?"ங்கறார்.