நாற்பது மெசேஜும் ஆறு வரியும்

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு தாண்டிப் போனால் எலுவன்குளம். அதற்கு அங்கால கலாஓயா. ஆற்றைக் கடக்க ஒரு சப்பாத்துப் பாலம், அதைத் தாண்டினால் வில்பத்துக் காடு. மேலே இராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் அந்தத் தண்ணி சில மணித்தியாலம் கழித்துத்தான் இங்க வரும். எலுவன்குளத்தில் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும்.

வெள்ள நேரம் அங்கே உலர் உணவுப் பொதி அனுப்ப நாங்கள் ஒரு வட்ஸ்அப் குறூப் வைத்திருந்தோம். சனிக்கிழமை பொதியோடு போக இருந்தவருக்குக் காய்ச்சல். விடிய ஆறு மணிக்கு, பதிலாக முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தியைச் சேர்த்தோம். பின்னால் சேர்ந்ததால் அவளுக்கு முன்னைய மெசேஜ் எதுவும் தெரியவில்லை. இரவு முழுக்க வந்த நாற்பதையும் அப்படியே அனுப்பினால் வாசித்து முடிக்கவே லொறி போயிடும். அதனால் சுருக்க உட்கார்ந்தோம்.

முதலில் பிரித்தோம். 14 மெசேஜ் 'ஓகே'யும் கட்டைவிரலும். 5 ஃபோர்வேர்ட். 9 சப்பாத்துப் பாலம் பற்றிய வாக்குவாதம். மிச்சம் 12இல்தான் வேலை இருந்தது. ஆனால் எதையும் எண்ணிக்கையை வைத்துத் தள்ள ஏலாது. ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் பார்த்தோம்: இது தெரியாவிட்டால் தங்கச்சி இன்றைக்கு எதைப் பிழையாகச் செய்வாள்?

அந்தக் கேள்வியில் பாலம் விழுந்துவிட்டது. பொதி கொடுக்கும் பாடசாலை ஆற்றுக்கு இங்கால் பக்கம், பாலத்தைத் தொடத் தேவையே இல்லை. ஃபோர்வேர்ட் ஒன்று 'கலாஓயா பாலத்துக்கு மேலால தண்ணி, போக வேண்டாம்' என்றது. விசாரித்தால் அது புத்தளம் – அநுராதபுரம் வீதியில் இருக்கிற பாலம். ஆறு ஒன்று, பாலம் வேறு. புதிதாக வாசிக்கிறவள் அதைப் பார்த்துப் பயணத்தையே நிறுத்தியிருப்பாள்.

அடுத்த சிக்கல் 'நாளை'. 'நாளை 6க்கு லொறி' என்ற மெசேஜ் வந்தது இரவு 12.20க்கு. எழுதினவருக்கு அது சனி, திகதிப்படி பார்த்தால் ஞாயிறு. அதனால் சுருக்கத்தில் நாளை, இன்று என்று விடாமல் கிழமையும் நேரமும் எழுதினோம். 37ஆவது மெசேஜில் சாரதி 9 மணிக்குத்தான் ஏலும் என்றிருந்தார். கீழே ஒரு கட்டைவிரல். அது சம்மதமா, 'பார்த்தேன்' என்பதா? கட்டைவிரலை முடிவாக எடுக்க ஏலாது. சாரதிக்குப் போன் எடுத்துக் கேட்டோம். 9 மணிதான்.

கடைசியாகக் குடும்பக் கணக்கு. முதலில் 46, பிறகு 52, பிறகு 58. பிந்தி வந்தது என்பதற்காக 58ஐ எடுக்கவில்லை. 52 கிராம உத்தியோகத்தரின் பட்டியல். 58 பாடசாலையில் நின்ற ஒருவர் கண்ணால் எண்ணியது. இரண்டும் சரியாக இருக்கலாம், இரவில் ஆட்கள் வந்திருக்கலாம். எங்களால் தீர்க்க முடியாததைத் தீர்ந்தது மாதிரி எழுதினால், ஆறு குடும்பம் வெறுங்கையோடு நிற்கும், இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு பொதி போகும்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

சனி காலை 6.40 வரையான நிலவரம்.
செய்ய வேண்டியது: லொறியில் 60 பொதியோடு போய் எலுவன்குளம் பாடசாலையில் கொடுப்பது.
லொறி சனி காலை 9க்கு, புத்தளத்திலிருந்து. சாரதியிடம் கேட்டு உறுதி. முதலில் சொன்ன 6 இப்ப இல்லை.
வழி வண்ணாத்திவில்லு. சப்பாத்துப் பாலத்துக்குப் போகத் தேவையில்லை. வெளிக்கிட முதல் 117க்கு எடுத்துத் தண்ணி நிலவரம் கேளுங்கோ.
முடிவாகாதது: குடும்பம் 52ஆ (கிராம உத்தியோகத்தர் பட்டியல்), 58ஆ (நேரில் எண்ணியது). பட்டியல்படி 52 கொடுங்கோ, மிச்சம் 8ஐ அவர் சொன்ன பிறகு.
சந்தேகம் வந்தால் எங்களுக்கு எடுங்கோ, குறூப்பில் போட்டுவிட்டுப் பார்த்திருக்க வேண்டாம்.

முதல் வரியில் நேரம் போட்டதற்குக் காரணம் ஆறுதான். 6.40க்கு 'தண்ணி இல்லை' என்பது 10 மணிக்கு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் தண்ணி பற்றி நாங்கள் எதுவும் சொல்லாமல் 117ஐ, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைக் கேட்கச் சொன்னோம்.

அனுப்பமுதல் குறூப்பில் இல்லாத அறைத்தோழி ஒருத்தியிடம் காட்டி, 'நீ போறதெண்டா என்ன செய்வாய்?' என்று கேட்டோம். அவள் சரியாகச் சொல்லிவிட்டு, 'மிச்சம் எட்டை யார் சொன்ன பிறகு?' என்றாள். எங்கட முதல் எழுத்தில் 'சொன்ன பிறகு' என்று மட்டும்தான் இருந்தது. 'அவர்' என்ற சொல் அப்பதான் சேர்ந்தது.