மூன்றாம் நாளே ‘குஞ்சு’

குறிகட்டுவானில் படகு ஏறும்போது அவள் அவருக்கு ‘நீங்கள்’. ஒரு மணித்தியாலம் கழித்து நெடுந்தீவு மாவிலித்துறையில் இறங்கினபோது ‘குஞ்சு’. நடுக்கடலில் சிக்னல் இல்லாததால் எல்லா மெசேஜும் கரையில் ஒன்றாக வந்து விழுந்தன. “சாப்பிட்டீங்களோ?”, “ஏன் பதில் இல்லை?”, “கோவமா?”, கடைசியாக “என்ர குஞ்சு எங்கயடி போட்டாய்?”

எங்கள் நாலுபேரில் ஒருத்தி அவள். நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். அவர் ஸ்காபரோவில் இருக்கிறார். ஒரு டேட்டிங் ஆப்பில் மேட்ச் ஆகி அன்றைக்கு மூன்றாவது நாள். ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரையில் போனைக் கைமாற்றி வாசித்தோம். ஒருத்தி “அச்சா, எவ்வளவு பாசம்” என்றாள். இன்னொருத்தி “உடன புளொக் பண்ணு” என்றாள். அவளோ, “எனக்கு அருவருப்பும் இல்லை, சந்தோசமும் இல்லை. ஆரோ கேக்காமல் வீட்டுக்குள்ள வந்து குசினியில நிக்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

அந்தக் குசினிதான் எங்களை யோசிக்க வைத்தது. எங்கட தீவுகளில் குஞ்சு, செல்லம், ராசாத்தி எல்லாம் காதலர் சொற்கள் இல்லை. அம்மம்மா தலை இழுத்துவிடும்போது சொல்வது. மீன் விற்க வரும் அன்ரிகூட “என்ர ராசாத்தி, ஒரு கூறு எடன்” என்பார். எங்களைத் தூக்கி வளர்த்தவர்களின் சொல் அது. கலியாணம் கட்டி முப்பது வருசமான அப்பாவும் அம்மாவும் இன்னும் “இஞ்சாருங்கோ”, “இஞ்சேரப்பா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். ‘பேபி’ என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வேலணையில் இருக்கிற பேபி மாமி. அதனால் மூன்று நாள் பழக்கத்தில் ஒருவர் ‘குஞ்சு’ என்னும்போது, இனிமேல் வரப்போகிற உரிமையை இன்றைக்கே எடுத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தோம். எங்கட பேச்சில் நெருக்கத்துக்கு மூன்று படி இருக்கிறது: “சாப்பிட்டீங்களோ”, “சாப்பிட்டீரோ”, “சாப்பிட்டியா”. நடுவில் இருக்கிற ‘நீர்’ ஒரு நல்ல வசதி. மரியாதை போகாமல் தூரம் மட்டும் கொஞ்சம் குறையும். அவர் அந்தப் படியில் நிற்கவே இல்லை. ‘நீங்க’விலிருந்து நேரே ‘அடி’க்குப் பாய்ந்துவிட்டார். அவளை உறுத்தினது சொல்லைவிட இந்தப் பாய்ச்சல்தான்.

ஏன் பாய்கிறார்கள்? சிலருக்கு அது வெறும் பழக்கம். ரொறொன்ரோவில் ‘ஹண்’, ‘பேப்’ என்று போகிற போக்கில் சொல்வதைத் தமிழாக்கிச் சொல்லும்போது, இங்கே அதற்கு இருக்கிற பாரம் அவர்களுக்குத் தெரிவதில்லை. சிலருக்கு அவசரம். மூன்று கிழமை லீவில் ஊருக்கு வந்து எல்லாத்தையும் முடிக்கவேணும் என்று நினைப்பவர்கள் நெருக்கத்தையும் கெதியாக முடிக்கப் பார்ப்பார்கள். மிச்சச் சிலருக்கு அது தொழில். ஒரே நேரத்தில் பத்துப் பேரோடு கதைப்பவருக்குச் செல்லப் பெயர் ஒரு வசதி, பெயர் மாறிப்போகாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் 2022இல் மட்டும் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடி பற்றி முறையிட்டார்கள். அவர்கள் இழந்ததாகச் சொன்ன தொகை 130 கோடி டொலர்.

‘குஞ்சு’ என்ற ஒரு சொல்லை வைத்து இவர் எந்த ரகம் என்று சொல்லமுடியாது. நிறுத்தச் சொன்னபிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் கொஞ்சம் தெரியும்.

இதை நாங்கள் படித்த விதம் நல்லதில்லை. எங்களில் ஒருத்திக்குப் போன வருசம் ஒருவர் இரண்டாம் நாளே ‘செல்லம்’ போட்டார். சொல்ல வெட்கப்பட்டு ஒரு சிரிப்பு இமோஜி அனுப்பினாள். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஒரு கிழமையில் “செல்லம் எண்டு கூப்பிடுறன், ஒரு படம் அனுப்பமாட்டீரோ?” என்று வந்தது. மாட்டேன் என்றபோது, “நான் இவ்வளவு பாசமாய் இருக்கிறன், நீர் கல்லு மாதிரி” என்றார். கேட்காமல் தந்த சொல்லுக்குப் பிறகு பில் வந்தது. அந்த வாரம் முழுக்க அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. எங்களுக்குச் சொன்னதே ஒரு மாதம் கழித்துத்தான்.

அதனால் இந்தமுறை இமோஜி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பதிலுக்கு ‘செல்லம்’ போடுவதும் வேண்டாம், ஒரு சொல்லுக்காகத் திட்டி புளொக் பண்ணுவதும் வேண்டாம். நாலு தரம் அழித்து எழுதி அவள் அனுப்பினது இதுதான்:

“படகில இருந்தனான், சிக்னல் இல்லை. ஒண்டு சொல்லவேணும். குஞ்சு, அடி எண்டு கூப்பிடுறது எனக்கு இப்ப சரியா வரேல்ல. பேரைச் சொல்லியே கதைப்பம். உங்களோட கதைக்க விருப்பம்தான்.”

இதில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. எந்தச் சொல் வேண்டாம், பதிலுக்கு என்ன, கதை தொடருமா என்ற மூன்றும் இருக்கிறது. கடைசி வரி பொய் என்றால் அதைப் போடக்கூடாது.

இப்படி அனுப்பினால் வருகிற பதில் பெரும்பாலும் மூன்று விதம். “சொறி, சரி” என்று மாற்றிக்கொள்வார். அல்லது பகிடியாக்கிவிட்டு நாளைக்குத் திரும்பவும் அதையே சொல்வார். அல்லது கோபித்து, எங்களைக் குற்றவாளியாக்குவார். இரண்டாவதுக்கு இன்னும் ஒருதரம் சொல்லலாம், அதற்குமேல் வேண்டாம். மூன்றாவது வந்தால் அதோடு நிறுத்துவது நல்லது. ஒரு சொல்லுக்கே ‘வேண்டாம்’ கேட்காதவர், பிறகு பெரிய விசயத்துக்குக் கேட்பார் என்று நம்ப எங்களிடம் காரணம் இல்லை.

அவர் அரை மணித்தியாலத்தில் எழுதினார்: “சொறி. இங்க எல்லாருக்கும் இப்பிடிச் சொல்லிப் பழகீட்டுது. நல்லகாலம் சொன்னீங்கள்.” எட்டாம் நாள் ஒருதரம் வாய்தவறி ‘செல்ல’ வரை வந்து, வொய்ஸ் மெசேஜிலேயே நிறுத்திச் சிரித்தார்.

நல்ல பதில் வந்ததால் ஆள் நல்லவர் என்றும் ஆகாது. மோசடிக்காரருக்கும் வடிவாக மன்னிப்புக் கேட்கத் தெரியும். அதனால் வீடியோவில் முகம் பார்த்தாள். ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளைக்கொண்டு ஆளை விசாரித்தாள். காசு என்ற பேச்சு ஒருதரம் வந்தாலும் அத்தோடு முடிவு என்று எங்களுக்குச் சத்தியம் பண்ணித் தந்தாள்.

நாங்களே முந்திச் சொல்லிவிட்டாலும் இதுதான் வழி. எங்களில் ஒருத்திக்கு நடந்தது. மற்றப் பக்கம் பதில் சுருங்கிப்போச்சுது. “நேற்றுச் செல்லம் எண்டு சொன்னது அவசரம். அசௌகரியமா இருந்தால் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்” என்று எழுதினாள். விளக்கம் நீட்டினால், ஆறுதல் சொல்லவேண்டிய வேலை மற்றவரின் தலையில் விழும்.

இப்போது ஐந்து மாதம். போன கிழமை அவர் கேட்டாராம்: “நான் உம்மை ‘நீர்’ எண்டு கூப்பிடலாமோ?” கேள்விக்குள்ளேயே ‘உம்மை’ வந்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. படகு நெடுந்தீவில் சேர்ந்தபிறகு பதில் போடுறன் என்றாள்.